சுரங்கத்தின் அடியில் கடிகாரம் ஏன் பின்தங்குகிறது?

நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல்மண்ணை வெட்டி அகற்றிப் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியை எட்டும்போது ஆழம் சுமார் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் ஒரு கடிகாரம், மேலே விளிம்பில் அதேபோல் இன்னொன்று. இரண்டிலும் துளிப் பிழை கிடையாது. ஆனாலும் கீழே இருப்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நானோ விநாடி, அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, பின்தங்கும்.

காரணத்தைக் காண ஐன்ஸ்டைன் 1907-இல் பிடித்த நூலையே பிடிப்போம். சன்னல் இல்லாத அறை ஒன்றில் இருக்கிறீர்கள். கால் தரையில் அழுந்துகிறது, விட்ட கல் கீழே விழுகிறது. அறை பூமியில் நிற்கிறதா, வெட்டவெளியில் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் வேகம் கூடும் ராக்கெட்டில் இருக்கிறதா என்று உள்ளே நடக்கும் எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. இதுவே சமானத் தத்துவம்.

இனிச் சுரங்கத்தை மறந்து, 100 மீட்டர் உயர ராக்கெட்டுக்குள் போவோம். அடியிலுள்ள கடிகாரம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஒளிக்கீற்றை மேலே அனுப்புகிறது. ஒளி மேலே சேர விநாடியின் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அதற்குள் ராக்கெட்டின் வேகம் விநாடிக்கு 3.3 மைக்ரோமீட்டர் கூடிவிடுகிறது. ஆகவே ஒளி புறப்பட்டபோது அடிப்பகுதிக்கு இருந்த வேகத்தைவிட, அதை வாங்கும்போது மேற்பகுதியின் வேகம் அதிகம். விலகிச் செல்பவருக்குக் கீற்றுகளின் இடைவெளி நீண்டு தெரியும். நீளும் விகிதம் gh/c². நம் கணக்கில் அது ஒரு கோடி கோடியில் 1.1 பங்கு. ஒரு நாளின் 86,400 விநாடிகளால் பெருக்கினால் அந்த நானோ விநாடி கிடைக்கிறது.

சமானத் தத்துவப்படி சுரங்கத்திலும் இதே நீட்சி தெரிந்தாக வேண்டும். ஆனால் அங்கே எதுவும் விலகிச் செல்லவில்லை. அனுப்பிய கீற்று எதுவும் வழியில் தொலைவதுமில்லை. அப்படியானால் கீழே துடிப்புகளே மெதுவாக நிகழ்கின்றன என்பதுதான் மீதமுள்ள ஒரே விடை. ஐன்ஸ்டைனின் வாதத்தில் மிக அழகான இடம் இதுதான் என்பேன்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள்: கீழே ஈர்ப்பு வலுவாக இருப்பதால்தான் காலம் மெதுவாகிறது என்று நினைக்கிறார்கள். நம் கணக்கில் மேலும் கீழும் g ஒன்றே. வேறுபடுவது உயரம், அதாவது ஈர்ப்பு ஆற்றல்நிலை. இன்னொரு எல்லையும் உண்டு. நெய்வேலியின் தூக்குக்குண்டும் டோக்கியோவின் தூக்குக்குண்டும் ஒரே திசையில் தொங்குவதில்லை. எனவே ஒரே ராக்கெட்டால் முழுப் பூமிக்கும் ஈடு செய்ய முடியாது. அதற்கு ஐன்ஸ்டைன் 1915-இல் தந்த முழுச் சமன்பாடுகள் வேண்டும்.

1960-இல் ஹார்வர்டில் பவுண்டும் ரெப்காவும் 22.5 மீட்டர் உயரத்திலேயே காமாக் கதிரில் இவ்விளைவை அளந்தார்கள். 2020-இல் வெளியான ஆய்வில், டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் வைத்த ஸ்ட்ரான்சியம் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 4.3 நானோ விநாடி முந்தியது. உங்கள் தெருவின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை h இடத்தில் வைத்து நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள்.