அணிவகுப்பும் குதிகாலும்

சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில் அணிவகுப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கான பயிற்சியோ வாரக்கணக்கில் வெயிலில் நடக்கும். பிள்ளைகளின் கால் கெடுவது அந்தப் பயிற்சி நாட்களில்தான். வெள்ளை கான்வாஸ் ஷூவைக் கடைசி வாரத்தில் வாங்கி, மறுநாளே இரண்டு மணி நேரம் நடக்க வைத்தால் குதிகாலில் கொப்புளம் வராமல் என்ன செய்யும்?

கொப்புளம் என்பது மேல்தோல் தேய்வதால் மட்டும் வருவதில்லை. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் எலும்பு ஷூவுக்குள் மேலும் கீழுமாக அசைகிறது. வியர்வையில் ஈரமான தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. எலும்புக்கும் மேல்தோலுக்கும் நடுவில் தோலின் அடுக்குகள் இழுபட்டுப் பிரிகின்றன. அந்த இடைவெளியில்தான் நீர் கோக்கிறது. ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: குதிகால் அசையக் கூடாது, கால் ஈரமாக இருக்கக் கூடாது.

அசைவுக்குப் பெரும்பாலும் நாம்தான் காரணம். ‘வளர்ற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்’ என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறோம். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது சாக்ஸ் போட்டபடி பிள்ளையைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்து, குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரை அளந்து பாருங்கள். 22 செ.மீ. வந்தால் ஷூவின் உள்நீளம் 23 செ.மீ. இருந்தால் போதும். லேஸைக் கடைசித் துளை வரை கோத்து இறுக்கிக் கட்டி நடக்கச் சொல்லுங்கள். அப்படியும் குதிகால் தூக்கினால் அந்த ஷூ வேண்டாம்.

ஈரம் வியர்வையால் மட்டும் வருவதில்லை. முதல் நாள் இரவு துவைத்து, வெள்ளை பூசி, பாதி காய்ந்த ஷூவை அப்படியே மாட்டி அனுப்புகிறோம். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் காற்றாட உலர்த்துங்கள். பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும், இடைவேளையில் மாற்றிக்கொள்ளலாம். ஓரிடம் சிவந்து எரிந்தால் உடனே அங்கே பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் எழுந்துவிட்டால் அதன் தோலை உரிக்காதீர்கள்.

எட்டு முதல் பதினான்கு வயதுள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவோடு சிமென்ட் தரையில் ‘மார்க் டைம்’, ‘ஹால்ட்’ என்று ஓங்கி மிதிக்க மிதிக்க அங்கே வலி எடுக்கும். குதிகாலை இரு பக்கமும் விரல்களால் அழுத்தினால் வலிக்கிறதா, பிள்ளை நுனிக்காலில் நடக்கிறதா என்று பாருங்கள். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீக்கம் இருந்தாலோ, இரவிலும் வலித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் சில வாரங்கள் பிள்ளைகள் வீட்டிலுள்ள, பழகிய, தடித்த அடிப்பாகமுள்ள விளையாட்டு ஷூவிலேயே பயிற்சி எடுக்கட்டும்; கடைசி வாரத்தில் வெள்ளை ஷூவைத் தினமும் சிறிது நேரம் போட்டுப் பழகிக்கொள்ளட்டும். மிதிக்கும் பயிற்சியைச் சிமென்ட் தரையில் வைக்காமல் மண் தரையில் வையுங்கள்.