மஞ்சள் பலகையில் எதை வெட்டலாம்?

இரவுச் சாப்பாட்டுக்குக் கோழிக் கறியும் வெள்ளரிக்காய்ச் சலாதும் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோழியை வெட்டிய பலகையை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, அதே கத்தியால் வெள்ளரிக்காயை அரிகிறீர்கள். கோழி அடுப்பில் நன்றாக வெந்துவிடும். அதிலிருந்த கிருமிகளும் அழிந்துவிடும். வெள்ளரிக்காயோ அடுப்புக்கே போவதில்லை. பச்சைக் கோழியில் சாதாரணமாகக் காணப்படும் 'கம்பைலோபக்டர்' என்ற கிருமி, சலாதோடு பிள்ளைகளின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. வயிற்றோட்டம் பெரும்பாலும் 2 முதல் 5 நாட்கள் கழித்தே வருவதால், அந்தச் சலாதின் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

இந்தத் தவறைத் தடுக்கத்தான் ஹோட்டல் சமையலறைகளில் நிறப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் உணவு தயாரிப்போர் எழுதும் சுகாதாரப் பரீட்சையிலும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்குள்ள வழக்கப்படி பச்சை இறைச்சிக்கும் கோழிக்கும் சிவப்பு. பச்சை மீனுக்கு நீலம். சமைத்த இறைச்சிக்கு மஞ்சள். சலாதுக்கும் பழங்களுக்கும் பச்சை. மண் ஒட்டிய மரக்கறிகளுக்குக் கபிலம். பாண், பாற்கட்டி போன்றவற்றுக்கு வெள்ளை. கத்திப் பிடிகளும் அநேகமாக இதே நிறங்களில்தான் இருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கச் சமையலறைகள் பலவற்றில் மஞ்சள் என்பது பச்சைக் கோழிக்குரிய நிறம். அங்கே பழகிய ஒருவர் பிரித்தானிய முறையிலுள்ள சமையலறைக்குப் போய், பச்சைக் கோழியை மஞ்சள் பலகையில் வெட்டினால் என்னவாகும்? அடுத்ததாக அதே பலகையில் வெந்த இறைச்சி வெட்டப்படும். ஆகவே, உங்கள் மகனோ தம்பியோ வெளிநாட்டு ஹோட்டல் வேலைக்குப் போவதாக இருந்தால், நிறங்களைப் பாடமாக்கினால் மட்டும் போதாது, அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை முதல் நாளே பார்க்கும்படி சொல்லி அனுப்புங்கள்.

பரீட்சையில் பலர் சறுக்கும் இன்னொரு இடம் கழுவும் முறை. சவர்க்கார நீர் எண்ணெயையும் அழுக்கையும் அகற்றும். கிருமிகளைக் கொல்லும் வேலை கிருமிநாசினியுடையது. முதலில் கழுவி அலசிவிட்டு, அதன் பிறகே கிருமிநாசினியைப் பூசி, போத்தலில் குறித்துள்ள நேரம் வரை விட வேண்டும். அழுக்கின் மேலேயே பூசினால் அது சரியாக வேலை செய்யாது.

வீட்டுக்கு ஆறு பலகைகள் தேவையில்லை, இரண்டு போதும். ஒன்று பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும். மற்றது சலாது, பழம், பாண், சமைத்த உணவு ஆகியவற்றுக்கு. தவறாமல் பிரித்தறிய ஒன்றின் பிடியில் சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள். சலாதை முதலில் அரிந்து மூடி வைத்துவிட்டு, இறைச்சியைக் கடைசியில் வெட்டுங்கள். இறைச்சியைத் தொட்ட கையை உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கத்தி பதிந்து ஆழமான கீறல்கள் விழுந்த பலகையை மாற்றிவிடுங்கள். அந்தக் கீறல்களுக்குள் தேய்க்கும் நார் போகாது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பலகையைப் பிரித்து வைத்துவிட்டு, பச்சைக் கோழி இருந்த தட்டிலேயே பொரித்த கோழியை எடுத்து வைத்தால், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.