தகுதிகாண் காலத்திலேயே முடிந்த வேலை

தகுதிகாண் காலத்தில் முடிந்த இரண்டு மாத வேலையை மறைக்கலாமா என்பதே பலருக்கும் முதலில் எழும் கேள்வி. வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்பட்டிருந்தால் மறைப்பது ஆபத்து. யுஏஎன் கணக்கின் பணி வரலாற்றில் நிறுவனத்தின் பெயரும் சேர்ந்த தேதியும் இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் அது தெரிந்துவிடும். குறுகிய வேலையைவிட மறைத்ததே அப்போது பெரிய குற்றமாகப் படும்.

நேர்காணலில் நான்கு வாக்கியங்கள் போதும். ஜிஎஸ்டி கணக்கு பார்க்கச் சேர்ந்தவர், பாக்கி வசூலுக்கு அனுப்பப்பட்டு, இலக்கை எட்டாததால் நிறுத்தப்பட்டார் என்று வைப்போம். அவர் இப்படிச் சொல்லலாம்: "கணக்குப் பணிக்குச் சேர்ந்தேன். வேலை வசூல் பக்கம் மாறியது. அதில் எதிர்பார்த்த அளவு செய்ய முடியாததால் தகுதிகாண் காலத்திலேயே முடித்துக்கொண்டார்கள். இப்போது சேரும் முன்பே அன்றாடப் பொறுப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்."

"ஏமாற்றிவிட்டார்கள்" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தச் சொல் வந்ததும் பேச்சு பழைய மேலாளரைச் சுற்றத் தொடங்கிவிடும். நிறுவனம் நிறுத்தியதை "நானே விலகினேன்" என்பதும் கூடாது. பணி விடுவிப்புக் கடிதத்தில் உள்ள காரணமும் சொல்லும் காரணமும் ஒத்திருக்க வேண்டும்.