எழுத்தை மட்டும் எண்ணும் திறவுச்சொல்

ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் தள்ளி எழுதும் ரகசிய மொழியைப் பள்ளிப் பிள்ளைகள்கூட உடைத்துவிடுவார்கள். தள்ளும் அளவு மாறாததால், ஆங்கிலத்தில் அதிகம் வரும் e எங்கே வந்தாலும் ஒரே வேடத்தில்தான் வரும். அதிகம் தென்படும் எழுத்தைப் பிடித்தால் மற்றவை தானாக வரிசையில் நிற்கும். 1553இல் இத்தாலியர் ஜொவான் பத்திஸ்தா பெல்லாசோ இதற்கு ஒரு மாற்றை அச்சிட்டு வெளியிட்டார். தள்ளும் அளவை ஒரு சொல் தீர்மானிக்கும். சொல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிற்காலத்தவர் இந்த முறையைப் பிரெஞ்சுக்காரரான விஷ்னேரின் பெயரில் எழுதிவைத்துவிட்டார்கள். இன்றும் கணினி வகுப்புகளில் அந்தப் பெயரில்தான் இது பயிற்சியாகத் தரப்படுகிறது.

அந்தப் பயிற்சியில் வழக்கமாக இரண்டு நிபந்தனைகள் இருக்கும். பெரிய எழுத்து பெரியதாகவும் சிறிய எழுத்து சிறியதாகவும் இருக்க வேண்டும். இடைவெளி, எண், காற்புள்ளி போன்றவற்றைத் தொடக்கூடாது. பார்க்க எளிமையான இந்த இரண்டில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம்: `Meet at 6, Ravi!` திறவுச்சொல் `FIG`. A என்பதைப் பூஜ்யமாக வைத்து எண்ணினால் F ஐந்து, I எட்டு, G ஆறு. M ஐந்து இடம் தள்ளி R ஆகிறது. அடுத்த e எட்டு இடம் தள்ளி m, அதற்கடுத்த e ஆறு இடம் தள்ளி k. அடுத்தடுத்து நின்ற இரண்டு e-க்கும் இரண்டு வேறு வேடங்கள். இதற்காகத்தான் இந்த முறையே. நான்காவது எழுத்து t. திறவுச்சொல் தீர்ந்துவிட்டதால் மீண்டும் F வருகிறது. t என்பது y ஆகிறது.

இப்போது ஒரு இடைவெளி வருகிறது. அதை அப்படியே எழுதிவிடுகிறோம். அப்போது திறவுச்சொல் ஓர் எழுத்து நகர வேண்டுமா, நின்ற இடத்திலேயே காத்திருக்க வேண்டுமா? காத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. எழுத்து வந்தால் மட்டுமே திறவுச்சொல் நகரும். அப்படிச் செய்தால் கிடைப்பது `Rmky iz 6, Wibn!` இதில் v மட்டும் z-ஐத் தாண்டிப்போய், சுற்றிவந்து b ஆகியிருக்கிறது.

முதன்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்தியில் எழுத்து நிற்கும் இடத்தின் எண்ணையே திறவுச்சொல்லுக்கும் பயன்படுத்திவிடுகிறார்கள். அப்போது இடைவெளியும் காற்புள்ளியும் திறவுச்சொல்லைத் தின்றுவிடும். வருவது `Rmky gy 6, Xfdo!` முதல் சொல் சரி, பிறகு எல்லாம் பிசகு. முதல் இடைவெளிக்குப் பிறகு விடை கெட்டுப்போகிறது என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இந்தப் பிழை வெளியே தெரியாமலும் இருந்துவிடும், அதுதான் அதன் ஆபத்து. அதே தவறான கணக்கால் மறைத்ததை அதே தவறான கணக்கால் திருப்பினால் பழைய செய்தி பழுதில்லாமல் வந்துவிடும். ‘மறைத்தேன், திறந்தேன், சரியாக இருக்கிறது’ என்று எழுதியவர் நிம்மதியாக இருப்பார். விதிப்படி காகிதத்தில் திறப்பவருக்கோ `Meet ys 6, Sxxj!` என்றுதான் கிடைக்கும். ஆகவே கையால் கணக்கிட்ட ஒரு விடையை வைத்துக்கொண்டு, அதனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. அந்தச் செய்தியில் இடைவெளியும், பெரிய எழுத்தும், z-ஐத் தாண்டும் ஒரு எழுத்தும் இருந்தாக வேண்டும்.

விதி ஏன் அப்படி என்பதற்கும் காரணம் உண்டு. செய்தி கை மாறும்போது ஒரு காற்புள்ளி விட்டுப்போகலாம், ஓர் இடைவெளி இரண்டாகலாம். எழுத்தை மட்டும் எண்ணினால் அதனால் எதுவும் கெடாது. இடத்தை எண்ணினால், அந்தப் புள்ளியிலிருந்து கடைசிவரை பாழ்.

பைதான் மொழியில் இதை இப்படி எழுதலாம்:

```python
def shift(text, key, sign=1):
    k = [ord(c) - 65 for c in key.upper()]
    out, i = [], 0
    for c in text:
        if 'A' <= c <= 'Z':
            base = 65
        elif 'a' <= c <= 'z':
            base = 97
        else:
            out.append(c)
            continue
        s = sign * k[i % len(k)]
        out.append(chr((ord(c) - base + s) % 26 + base))
        i += 1
    return ''.join(out)
```

கணினிக்குள் A-வின் எண் 65, a-வின் எண் 97. எழுத்தின் எண்ணிலிருந்து அதன் வகைக்குரிய தொடக்க எண்ணைக் கழித்து, தள்ளி, 26ஆல் வகுத்து மீதியை எடுத்து, கழித்த அதே எண்ணைத் திரும்பக் கூட்டுகிறோம். அதனால்தான் சிறியது சிறியதாகவே திரும்புகிறது. திறவுச்சொல்லை `fig` என்று தந்தாலும் `Fig` என்று தந்தாலும் விடை ஒன்றாக இருக்க, அதை முதலிலேயே பெரிய எழுத்துக்கு மாற்றிவிடுகிறோம். அதில் ஆங்கில எழுத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. காலியாக இருந்தால் நிரல் நின்றுவிடும். செய்தியைத் திறக்க `sign` மதிப்பை -1 ஆக்கினால் போதும். ஆனால் சி, ஜாவா மொழிகளில் எதிர்ம எண்ணின் மீதி எதிர்மமாகவே வரும். அங்கே 26 கூட்டிவிட்டுத்தான் மீதி எடுக்க வேண்டும்.

‘இது எழுத்தா?’ என்று கேட்கப் பைதானில் `isalpha()` என்று ஆயத்தமாகவே ஒரு வசதி இருக்கும்போது, A முதல் Z வரை என்று ஏன் நீட்டி எழுத வேண்டும்? தமிழர்களுக்கு இது முக்கியமான கேள்வி. `isalpha()` நம் ‘அ’வையும் எழுத்து என்றே சொல்லும், அது நியாயமும்கூட. ஆனால் ‘அ’வின் எண் 2949. அதிலிருந்து 97ஐக் கழித்து 26ஆல் வகுத்தால் மீதி 18. தள்ளுவதற்கு முன்பே ‘அ’ ஒரு s ஆகிவிடுகிறது. அந்த s எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. திறக்கும்போது ‘அ’ திரும்பாது. தமிழும் ஆங்கிலமும் கலந்து குறுஞ்செய்தி அனுப்பும் நாம் இந்த நிரலை எழுதும்போது 26 எழுத்துகளையும் எல்லை கட்டிச் சொல்லிவிடுவதே சரி.

இவ்வளவு பக்குவமாகக் காப்பாற்றிய அந்த இரண்டு நிபந்தனைகளும் ரகசியத்துக்கு என்ன செய்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். `Rmky iz 6, Wibn!` என்ற வரி வழியில் ஒருவர் கையில் சிக்குகிறது. காற்புள்ளிக்குப் பிறகு பெரிய எழுத்தில் தொடங்கும் நான்கெழுத்துச் சொல்: ஒரு பெயராக இருக்கும். பெறுபவர் யார் என்று அவருக்கு முன்பே தெரியும். Wibn-இலிருந்து Ravi-யை எழுத்தெழுத்தாகக் கழித்தால் F, I, G, F. திறவுச்சொல் தன் பெயரைத் தானே சொல்லி, மறுபடி முதலெழுத்துக்கும் வந்துவிட்டது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையினர் இந்த முறையைத்தான் பயன்படுத்தினார்கள். செய்தியில் சில சொற்களை மறைக்காமல் விட்டார்கள், சொற்களுக்கு நடுவே இடைவெளியையும் விட்டார்கள். வாஷிங்டனில் லிங்கன் அரசின் தந்தி அலுவலக எழுத்தர்கள் மறைக்காத சொற்களைப் பார்த்து மறைத்த சொற்களை ஊகித்தார்கள். ஊகம் சரியாக இருந்தால் திறவுச்சொல்லின் துண்டு கைக்கு வந்தது. தென்மாநிலத்தவர் ஒரு சில திறவுச்சொற்றொடர்களையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால், உடைத்த ஒன்று பல செய்திகளுக்கு உதவியது.

அனுபவப்பட்டவர்கள் இடைவெளியையும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் நீக்கி, எண்களைச் சொல்லாக எழுதி, ஐந்தைந்து எழுத்தாகக் கட்டி அனுப்பினார்கள். நம் செய்தியை அப்படி எழுதினால் `RMKYI ZXQDW IBN`. பெயர் எங்கே தொடங்குகிறது என்று இதில் பார்த்தவுடன் தெரியாது. ஆனாலும் திறவுச்சொல் சுழன்று சுழன்று வருவது மாறவில்லை. செய்தி நீளமாக இருந்தால் ஒரே எழுத்துத் தொடர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் தலைகாட்டும். அந்த இடைவெளிகளை அளந்து திறவுச்சொல்லின் நீளத்தைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிரஷ்ய ராணுவ அதிகாரி பிரீட்ரிக் காசிஸ்கி 1863இல் நூலாக வெளியிட்டார். நீளம் தெரிந்துவிட்டால் மிஞ்சுவது, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டிய அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு மட்டுமே.