ஈரலும் சுவரொட்டியும்: உள்ளுறுப்புப் பெயர்கள் குறித்த ஒரு நோக்கு

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் ஆகிய மூன்றையும் தமிழ் ‘ஈரல்’ என்னும் ஒரே பொதுச்சொல்லால் பிணைக்கிறது. லிவர், ஸ்ப்ளீன், லங் என்னும் ஆங்கிலப் பெயர்களுக்குள் இத்தகைய பிணைப்பு இல்லை. தமிழின் அடைமொழிகள் கல், மண், நுரை எனக் கைக்கும் கண்ணுக்கும் புலப்படுவனவற்றைச் சுட்டுகின்றன. லங் என்பதன் வேர்ப்பொருளோ எடையின்மை.

இராமநாதபுரம் வட்டார இறைச்சிக் கடைகளில் ‘ஈரல்’ என்றால் கல்லீரல் மட்டுமே. ஆட்டின் மண்ணீரலுக்குச் ‘சுவரொட்டி’ என்னும் தனிப்பெயர் உண்டு. ஆனால் இப்பெயர் மனித உடலுக்கு ஆளப்படுவதில்லை. அங்கு மண்ணீரல் பாடநூற்சொல்லாகவே நிற்கிறது. கணையத்திற்கோ கடைவழக்கிலும் பெயரில்லை எனலாம். ஆங்கிலமும் இதற்கு ‘முழுவதும் தசை’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையே கடன் கொண்டது.

இவ்விடைவெளி மருத்துவமனையில் வெளிப்படுகிறது. இராமேசுவரக் கரையில் அறியப்பட்ட மலேரியாவில் பெரும்பாலும் வீங்குவது மண்ணீரல். ‘ஈரல் வீக்கம்’ என மருத்துவர் சுருக்கிச் சொன்னால், நோயாளி கல்லீரல் என்றே கொள்வார். மதுவை எண்ணி அஞ்சுவார். இடது விலாவுக்குக் கீழ் என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னால் ஐயம் நீங்கும். ‘சுவரொட்டி’ என்றாலோ உடனே விளங்கும்.