இருட்டு சாம்பலாகும் மானிட்டர்கள்

புதிதாக வாங்கிய மானிட்டரின் அட்டைப்பெட்டியில் 'ஹெச்டிஆர்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ஐ இணைத்ததும் ஹெச்டிஆர் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. ஆனால் விளையாட்டில் குகைக்குள் நுழைந்தால் இருட்டு இருட்டாக இல்லை. புகை படிந்ததுபோல் எல்லாம் சாம்பல் நிறம். ஹெச்டிஆரை அணைத்துப் பார்த்தால் படம் பளிச்சென்று நன்றாக இருக்கிறது. நிறைய பேர் கன்சோலில்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மானிட்டரின் பின்விளக்கில் இருக்கிறது.

மலிவான மானிட்டர்களில் திரையின் ஓரத்தில் விளக்குகளை வரிசையாகப் பொருத்தி, அந்த ஒளியைத் திரை முழுவதும் பரப்புவார்கள். வீட்டிலுள்ள அத்தனை பல்புக்கும் ஒரே சுவிட்ச் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. வானத்தில் நிலா பிரகாசிக்க வேண்டுமானால், கீழே இருக்கும் காட்டுக்கும் அதே அளவு விளக்கு எரியும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகப் புரியும். சாதாரண ஐபிஎஸ் திரையின் கான்ட்ராஸ்ட் ஏறக்குறைய 1000:1. அதாவது வெள்ளையின் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கறுப்பிலும் கசியும். எஸ்டிஆரில் பிரகாசத்தை 120 நிட் அளவில் வைத்திருந்தால் கறுப்பு 0.12 நிட். ஹெச்டிஆர் சிக்னல் வந்ததும் மானிட்டர் பின்விளக்கை உச்சத்துக்கு, 400 நிட்டுக்கு, ஏற்றிவிடும். கறுப்பு 0.4 நிட் ஆகிவிடும். கறுப்பு மூன்று மடங்குக்கு மேல் வெளுத்துவிட்டது. கான்ட்ராஸ்டோ அதே 1000:1-தான். விளக்கணைத்த அறையில் இது கண்ணை உறுத்தும். குறைக்கலாம் என்று மானிட்டரின் மெனுவைத் திறந்தால், ஹெச்டிஆரில் Brightness பல மாடல்களில் பூட்டப்பட்டிருக்கும்.

வெசா அமைப்பு 2017-ல் கொண்டுவந்த டிஸ்ப்ளேஹெச்டிஆர் முத்திரையில் 400 என்பது அடிமட்டப் படி. பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி இல்லாமலே அந்தப் படியை எட்டிவிடலாம். 'ஹெச்டிஆர்10 சப்போர்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சிக்னலைப் புரிந்துகொள்ளும் என்பதைத் தவிர, எவ்வளவு நன்றாகக் காட்டும் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை.

வெளிச்சமான பகுதிகளில் வேறொரு சிக்கல். ஹெச்டிஆர்10 சிக்னலில் ஒவ்வொரு புள்ளியும் இத்தனை நிட் என்று நேரடியாகவே குறிக்கப்படுகிறது. விளையாட்டு சூரியனை 1,000 நிட்டில் அனுப்பினால், 400 நிட் மானிட்டர் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். மேலே உள்ளதை வெட்டினால், சூரியனும் சுற்றியுள்ள மேகமும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். எல்லாவற்றையும் அமுக்கிக் கொண்டுவந்தால், படம் முழுவதும் மங்கும்.

இந்த இரண்டாவது சிக்கலை ஓரளவு சரிசெய்யலாம். முதலில் மானிட்டர் மெனுவில் 'ஹெச்டிஆர் எஃபெக்ட்', டைனமிக் கான்ட்ராஸ்ட் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். சில மாடல்களில் இந்த 'எஃபெக்ட்' சாதாரணப் படத்தின் நிறத்தையும் கான்ட்ராஸ்டையும் ஏற்றிக் காட்டும் போலி ஹெச்டிஆர்தான். பிறகு பிஎஸ்5-ல் Settings > Screen and Video > Video Output போய் Adjust HDR-ஐத் திறக்கவும். திரையில் ஒரு சின்னம் தெரியும். அது மிக லேசாகத் தெரியும் அளவுக்கு வைக்கச் சொல்லும். முதல் இரண்டு திரைகள் உச்சப் பிரகாசத்துக்கு, மூன்றாவது கறுப்புக்கு. இங்கே அவசரப்படக் கூடாது. மானிட்டரால் காட்ட முடியாத உச்சத்தில் வைத்தால் மேகம் மறுபடியும் வெள்ளைத் திட்டுதான். சில விளையாட்டுகள் இந்த அளவைக் கண்டுகொள்வதில்லை. அவற்றின் சொந்த மெனுவில் உச்சப் பிரகாசம் இருந்தால் அதை 400-க்குப் பக்கத்தில் வையுங்கள்.

அதே பக்கத்தில் HDR என்பது Always On என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எஸ்டிஆர் விளையாட்டுகளும் ஹெச்டிஆராக மாற்றப்பட்டே வரும். பின்விளக்கு எப்போதும் உச்சத்தில் நிற்கும். On When Supported போதும். RGB Range-ஐ Automatic-இல் விடுங்கள். அது மானிட்டரோடு பொருந்தாவிட்டால், ஹெச்டிஆர் இல்லாமலேயே கறுப்பு வெளுத்துத் தெரியும். எஸ்டிஆரிலும் கறுப்பு சாம்பலாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இத்தனையும் செய்த பிறகு, ஒரே விளையாட்டில் ஒரே இரவுக் காட்சியில் நின்று ஹெச்டிஆரைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். நிழலுக்குள் இருக்கும் சுவரின் விவரம் எதில் தெரிகிறது, விளக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு எதில் இருக்கிறது என்று மட்டும் கவனித்தால் போதும். நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பல மானிட்டர்கள் எஸ்டிஆரில் நிறத்தைத் தேவைக்கு மேல் கூட்டிக் காட்டுவதால், சரியான ஹெச்டிஆர் நிறமே சோகையாகத் தோன்றக்கூடும்.

ஓரவிளக்கு ஐபிஎஸ் மானிட்டரில் பெரும்பாலும் எஸ்டிஆர்தான் ஜெயிக்கும். அப்படியானால் தயங்காமல் HDR-ஐ Off செய்து, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப Brightness-ஐ வைத்து விளையாடுங்கள். ஹெச்டிஆருக்காகவே புதிதாக வாங்குவதாக இருந்தால், கடைக்காரரிடம் நிட் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல், லோக்கல் டிம்மிங் உண்டா, எத்தனை ஸோன் என்று கேளுங்கள். ஓஎல்இடி என்றால் அந்தக் கேள்வி தேவையில்லை. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானாகவே அணையும்.