அடுப்படி அறிவியல் – 9: மாவைப் பொங்க வைப்பது யார்?

இட்லி மாவு பொங்குவது ஈஸ்டால்தான் என்று பலரும் எழுதிவருகிறார்கள். ரொட்டி மாவு ஈஸ்டால் உப்புகிறது, இதுவும் உப்புகிறது, ஆகவே இங்கும் ஈஸ்ட்தான் என்பது அவர்கள் வாதம். மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாதான் அதைப் பொங்கவும் வைக்கிறது, ஈஸ்ட் கூடமாட உதவுகிற ஆள் மட்டுமே என்பது என் கட்சி. இதைப் புரிந்துகொள்ள, சென்ற வாரம் பார்த்த தயிரிலிருந்தே தொடங்கலாம். இளஞ்சூட்டுப் பாலில் உறைமோர் விட்டதும் அதிலுள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்குகின்றன. அமிலம் ஏற ஏற பிஎச் அளவு இறங்கி 4.6 பக்கம் வரும்போது, பாலில் மிதந்துகொண்டிருந்த கேசீன் புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடுகிறது. இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இரண்டாக உடைத்து இரண்டு பாதியையும் அமிலமாகவே ஆக்கிவிடும்; வாயுவாக எதுவும் வெளியேறாது. அதனால்தான் நல்ல தயிர் புளித்தாலும் உப்புவதில்லை. கெட்டித்தயிருக்குள் குமிழியும் வெடிப்பும் தெரிந்தால், வாயு விடும் வேறு ஏதோ நுண்ணுயிர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்தத் தயிரிலிருந்து மறுபடி உறை ஊற்றாமலிருப்பது நல்லது.

அப்படியானால் புளிக்கவைக்கும் பாக்டீரியா எப்படி மாவைப் பொங்கவைக்கும் என்று கேட்கலாம். லாக்டிக் பாக்டீரியா எல்லாமே ஒரே ரகமல்ல என்பதுதான் விடை. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா வேறு வழியில் போகிறது. ஒரு குளுக்கோஸிலிருந்து அது ஒரு பங்கு லாக்டிக் அமிலம், ஒரு பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு கரியமில வாயு என மூன்றையும் தருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டைன்கிராஸும் முகர்ஜி உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, மாவு பொங்குவதற்கு முதன்மைக் காரணம் இதுவே என்று காட்டியது. கணக்கும் இதற்கு ஒத்துவருகிறது. ஒரு கிராம் குளுக்கோஸ் இந்த வழியில் செரித்தால் 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 135 மில்லி வாயு கிடைக்கும். ஒரு லிட்டர் மாவு இரண்டு லிட்டராக உயர, வாயு கசியவே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏழெட்டு கிராம் சர்க்கரை போதும். ஒரு லிட்டர் மாவில் அவ்வளவு கரைவது பெரிய விஷயமில்லை. கூடவே மூன்றரை கிராமுக்கு மேல் லாக்டிக் அமிலமும் சேர்ந்துவிடும். நாக்குக்குத் தெரிய அது தாராளம்.

ஈஸ்ட் அதே ஒரு குளுக்கோஸிலிருந்து இரண்டு பங்கு வாயு தருமே, அதை எப்படி ஒதுக்கலாம் என்பது நியாயமான ஆட்சேபம். பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இட்லி மாவில் ஈஸ்ட் கண்டெடுக்கப்பட்டது உண்மை. அது வாயுவுக்கும் மணத்துக்கும் தன் பங்கைத் தருகிறது. ஆனால் ஈஸ்ட் லாக்டிக் அமிலம் ஆக்காது. பாக்கெட் ஈஸ்ட் மட்டும் போட்டு அவசரமாகப் பொங்கவைத்த மாவில் உப்பல் இருக்கும், பழகிய புளிப்பு இருக்காது. வழக்கமான மாவிலோ உயரமும் புளிப்பும் ஒன்றாக ஏறுகின்றன. இரண்டையும் ஒரே உயிரி தரும்போது அப்படித்தானே நடக்கும்! இது தனியாக நின்றால் நிரூபணமாகாது. மேலே சொன்ன ஆய்வோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் வலுப்பெறுகிறது.

இன்னொரு ஆட்சேபம் வீடுகளிலிருந்தே வரும்: மாவு நன்றாகப் புளித்தும் சில நாள் பொங்காமல் கிடக்கிறதே? வாயு உண்டாவது ஒரு வேலை, அதைப் பிடித்துவைப்பது இன்னொரு வேலை. ரொட்டிக்கு கோதுமையின் குளூட்டன் செய்வதை இங்கே உளுந்தின் புரதமும் அதிலுள்ள வழவழப்பான ஒரு மாவுப்பொருளும் சேர்ந்து செய்கின்றன. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு, உளுந்தைப் பஞ்சுபோல் ஆட்டியெடுத்தால் குமிழிகள் தங்கும். பழைய உளுந்தாக இருந்தாலோ, தண்ணீர் கூடிவிட்டாலோ வாயு மேலே வந்து போய்விடும். அமிலம் மட்டும் மாவிலேயே நிற்கும். மிக்ஸியில் சூடேறி மாவு கொதகொதவென்று வந்தால், பாக்டீரியாவே அடிபட்டுப் புளிப்பும் தாமதமாகும். குளிர்ந்த நீர் விட்டு அரைப்பது அதற்காகத்தான். நேரம் தாண்டினாலும் புளித்த மாவு பொங்காமல்தான் கிடக்கும். முதலில் பெருகும் லூக்கோநாஸ்டாக் களைத்த பிறகு, அதைவிட அதிக அமிலம் தாங்கும், வாயு விடாத பாக்டீரியாக்கள் மேலோங்குகின்றன. மாவு உச்சிக்கு ஏறி நடுவில் குழிவிழத் தொடங்கினால் அதுவே அந்தக் கட்டம். அதற்கு மேல் வெளியில் வைத்தால் கூடுவது புளிப்பு மட்டும்தான், உயரம் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் தோசைக்கு ஊற்றிக்கொள்ளலாம்.